வெள்ளிக்கிழமை கிளையண்ட் லஞ்ச், எப்படி கன்ஃபர்ம் பண்றது?

"ஜெர்மனிலருந்து கிளையண்ட் வர்றாரு, வெள்ளி 1 மணிக்கு கோலாலம்பூர் கேஎல்சிசி பக்கம் லஞ்ச். சாப்பாடு கேட்டதுக்கு 'வெஜ்'னு மட்டும் ரிப்ளை. இப்ப என்ன கேக்கணும்?"

மீனு, றாலு, முட்டை மூணையும் பேர் சொல்லி கேளுங்க, அப்புறம் டைமை 12க்கு மாத்துங்க.

அவர் 'வெஜ்'னு நிறுத்திட்டதுக்குக் காரணம், அவங்க ஊர்ல அது போதும். இங்க காய்கறி சாம்பால்லயே பெலாச்சான்ங்கிற றால் பேஸ்ட் இருக்கும், கங்கோங் கீரை பிரட்டல்லயும் அதேதான், கடைக்காரங்க இறைச்சி இல்லன்னா வெஜ்னு சொல்லிடுவாங்க.

1 மணி வேணாம், அது ஜும்மா தொழுகை நேரம், உங்க டீம்ல முஸ்லிம் ஆளுங்க இருந்தா வரமுடியாது, பள்ளிவாசல் பக்கம் ரோடும் ஜேம் ஆயிடும். 12க்கு உக்காந்தா அவங்க 12:45க்கு கிளம்பலாம், பேச வேண்டியத முதல்லயே பேசிடுங்க.

மெசேஜ் இப்படி: "வெள்ளி பகல் 12 மணி, மலேசிய நேரம், இன்ன கடை, இன்ன மாடி. மீன் சாஸ், றால் பேஸ்ட், முட்டை சாப்பிடுவீங்களா? அலர்ஜி ஏதும் உண்டா?"

பதில் வந்ததும் கடைக்கு போன் போட்டு "சாம்பால்ல பெலாச்சான் போடுறீங்களா"ன்னு நேரா கேளுங்க. பதில் இழுத்தா பிரிக்ஃபீல்ட்ஸ்ல சுத்த சைவக் கடைக்கு மாத்திடுங்க.

ஆனா வேர்க்கடலை அலர்ஜின்னா சைவக் கடையும் உத்தரவாதம் இல்ல, ஒரே சட்டியிலதான் எல்லாம் பிரட்டுவாங்க.