அப்பாவிடம் நீட்ட வேண்டிய தாள்

"பிளஸ் டூ முடித்துவிட்டேன். பி.ஏ. வரலாறு படிக்க ஆசை. அப்பா பொறியியல்தான் என்கிறார். தெரிந்தவர் ஒருவர் மூலம் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசி, அடுத்த வாரம் முன்பணம் கொடுக்கப் போகிறார். அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?"

முதலில் அந்த முன்பணம் கைமாறாமல் பாருங்கள். இப்படி வரும் "தெரிந்தவர்" பெரும்பாலும் கல்லூரியிடம் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் தரகர். ரசீது தரமாட்டார். மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் அசலாகக் கேட்பார். கொடுத்துவிட்டால் வேறு கல்லூரியில் சேர அலைய வேண்டியதுதான். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது, உரிய காலத்துக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி 2018-லேயே அறிவித்தது. அறிவித்ததோடு சரி. ஒவ்வொரு ஜூன் மாதமும் அழுதுகொண்டு வரும் பெற்றோரை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்பாவிடம் "பொறியியல் பிடிக்கவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். "இதைப் படித்தால் பிழைப்புக்கு என்ன வழி?" என்பதுதான் அவருடைய பயம். அதற்கு ஒரு தாளில் பதில் எழுதுங்கள். சென்ற ஆண்டு ஒரு லாரி ஓட்டுநரின் மகன் அப்படித்தான் செய்தான். ஒரு பக்கம் நிர்வாக ஒதுக்கீட்டில் நான்கு ஆண்டுச் செலவு. மறுபக்கம் அரசுக் கல்லூரியில் மூன்று ஆண்டுச் செலவு. கீழே, எந்தப் பட்டம் இருந்தாலும் எழுதக்கூடிய குரூப் 2 தேர்வும், இரண்டாண்டு பி.எட். முடித்து ஆசிரியராகும் வழியும். அப்பா இரண்டு முறை படித்துவிட்டு, "இரண்டும் கிடைக்காவிட்டால்?" என்றார். கல்லூரியில் படிக்கும்போதே தட்டச்சு ஹையர் முடிப்பது என்று பேசி முடித்தார்கள். குரூப் 4 தட்டச்சர் பணிக்கு அது உதவும்.

"முதலில் பொறியியலை முடி, பிறகு எம்.ஏ. வரலாறு படித்துக்கொள்" என்று சமரசம் பேசுவார்கள். இதில் மட்டும் கவனம். எம்.ஏ.வில் சேர எந்தப் பட்டமும் போதும் என்று பல பல்கலைக்கழகங்கள் சொல்வது உண்மை. நெட் தேர்வுக்கும் எம்.ஏ. வரலாறு போதும், ஆகவே கல்லூரி ஆசிரியராக விரும்புபவருக்குக் கதவு அடைபடாது. பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆவது வேறு. அங்கே இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். பி.இ. படித்துவிட்டு எம்.ஏ. வரலாறு முடித்தவரை "கிராஸ் மேஜர்" என்று ஒதுக்கிவிடுவார்கள். பள்ளி வேலைதான் உங்கள் எண்ணம் என்றால் இந்தச் சமரசத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தரகர் வீட்டில் இருக்கும்போது பேச்சை எடுக்காதீர்கள். முதலில் அம்மாவிடம் தாளைக் காட்டுங்கள். கணிதம் படித்திருந்தால் பொறியியல் கவுன்சலிங்குக்கும் விண்ணப்பித்து வையுங்கள். நீங்கள் முரண்டு பிடிக்கவில்லை என்பது அப்பாவுக்குப் புரியும். கடைசிவரை அவர் மனம் மாறாவிட்டாலும், கட்ஆஃப் மதிப்பெண்ணில் கிடைக்கும் இடத்துக்குத் தரகர் தேவையில்லை.