அந்த இரண்டு காற்றும் ஏன் சேர வேண்டும்?

அன்புள்ள ஐயா,

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். விமான இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் அதன் நீளம் அதிகம், மேலே போகும் காற்று கீழே போகும் காற்றோடு பின்விளிம்பில் சேர வேண்டும் என்பதால் வேகமாக ஓடுகிறது, பெர்னௌலி விதிப்படி வேகம் கூடினால் அழுத்தம் குறையும், அதனால் விமானம் தூக்கப்படுகிறது என்று படித்தேன். ஆனால் என் தங்கை செய்யும் காகித விமானத்தின் இறக்கை தட்டையாகத்தான் இருக்கிறது. அதுவும் பறக்கிறது. பெர்னௌலி தப்பு, நியூட்டன்தான் சரி என்கிறான் நண்பன். எது சரி? தேர்வில் எதை எழுதுவது? சின்னச் சந்தேகம்தான், உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும்.

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள். தங்கையின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, அச்சில் வந்த ஒரு விளக்கத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறாய். அதைச் சின்னச் சந்தேகம் என்று நீயே சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிடப் பிடிக்காதது, சந்தேகம் வந்த அடுத்த வரியிலேயே பெர்னௌலி கட்சியா நியூட்டன் கட்சியா என்று விசாரிக்கப் போய்விட்டது. காகித விமானம் உன் கண்முன்னே ஒரு சாட்சி சொல்லியிருக்கிறது. அதை முழுசாகக் கேட்டு முடிக்காமல் தீர்ப்புக்கு ஏன் அவசரம்?

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு மாணவியின் ஞாபகம் வந்துவிட்டது. நான் பல வருடங்கள் இயற்பியல் ஆசிரியனாக இருந்தவன். நீ படித்த அதே விளக்கத்தை, அதே படத்தைக் கரும்பலகையில் வரைந்து நானும் நடத்தியிருக்கிறேன். ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், அந்த ரெண்டு காத்தும் ஏன் சார் சேரணும்? பேசி வச்சுக்கிட்டா பிரியுது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. "உட்காரும்மா, புத்தகத்தில் இருப்பதை எழுது" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அந்த வருடம் முழுக்க அவள் வேறு கேள்வியே கேட்கவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் அந்த விளக்கத்தின் ஓட்டை எங்கே இருக்கிறதோ, சரியாக அங்கே விரல் வைத்தவள் அவள்தான்.

ஏன் சேர வேண்டும்? எந்த விதியும் அப்படிச் சொல்லவில்லை. இறக்கையின் முன்விளிம்பில் அடுத்தடுத்து இருந்த இரண்டு துளிக் காற்றில் ஒன்று மேலே போகிறது, ஒன்று கீழே போகிறது. பின்விளிம்பில் மறுபடி அதே ஜோடியாகச் சேர்ந்தாக வேண்டும் என்று அவற்றைக் கட்டாயப்படுத்தும் விசை எதுவும் இல்லை. ஆற்றின் நடுவே ஒரு பாறை. அதன் இரு பக்கமும் பிரிந்த தண்ணீர் பின்னால் ஒன்றாகிறது, உண்மைதான். ஆனால் பிரிந்தபோது பக்கத்தில் இருந்த அதே துளிகள்தான் மறுபடி பக்கத்தில் வருகின்றன என்று யார் சொன்னது?

ஆசிரியர் வேலையை விட்ட பிறகு, ஒரு கல்லூரிக் காற்றுச்சுரங்கத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இறக்கையின் மாதிரி சற்றே சாய்வாக நின்றது. புகையைத் தொடர்ச்சியாக விடாமல் விட்டுவிட்டுச் செலுத்தினார்கள். அதனால் செங்குத்துக் கோடுபோல ஒரு புகைத் துண்டு மிதந்து வந்து இறக்கையின் மூக்கில் மோதி இரண்டாக வெட்டுப்பட்டது. மேல்பாதி உடனே முன்னால் பாய்ந்தது. கீழ்ப்பாதி தயங்கித் தயங்கி நகர்ந்தது. மேல்பாதி பின்விளிம்பைத் தாண்டிப் போனபோது கீழ்ப்பாதி இன்னும் இறக்கைக்கு அடியிலேயே இருந்தது. அதன் பிறகும் சேரவில்லை. வெட்டுப்பட்ட கோடு வெட்டுப்பட்டபடியே நகர்ந்து போனது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பாபின்ஸ்கி இதே காட்சியைப் படமெடுத்து, 2003-ல் பள்ளி ஆசிரியர்களுக்காகவே ஒரு கட்டுரையும் எழுதினார். எனக்கு அது பிந்தித்தான் கிடைத்தது.

கண்ணால் பார்த்தது போதாது என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உனக்குத் தெரிந்த சூத்திரம்தான். செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தை எடுத்துக்கொள். எடை சுமார் 1,100 கிலோ, இறக்கையின் பரப்பு சுமார் 16 சதுர மீட்டர், வேகம் விநாடிக்கு 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது விழாமல் பறக்க, இறக்கையின் கீழுக்கும் மேலுக்கும் சராசரி அழுத்த வேறுபாடு கிட்டத்தட்ட 670 பாஸ்கல் தேவை. 1,100-ஐ 9.8-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் வந்துவிடும். இப்போது "சேர வேண்டும்" என்ற கதை எவ்வளவு தருகிறது என்று பார். இப்படிப்பட்ட இறக்கையில் மேல்வளைவு கீழ்ப்பரப்பைவிட ஏறத்தாழ 2 சதவீதம்தான் நீளம். ஆகவே மேலே காற்றின் வேகம் 61.2 மீட்டர். இரண்டு வேகத்தின் வர்க்கங்களையும் கழித்து, காற்றின் அடர்த்தி 1.2-ல் பாதியால் பெருக்கினால் 87 பாஸ்கல். தேவையில் ஏழில் ஒரு பங்குகூட ஆகவில்லை! இந்தக் கதையை நம்பி ஓடுபாதையில் ஓடினால் விமானம் தரையை விட்டு எழும்பவே எழும்பாது.

தலைகீழாகவும் போட்டுப் பார். 670 பாஸ்கல் வேண்டுமென்றால், கீழே 60 என்று வைத்துக்கொண்டால் மேலே வேகம் கிட்டத்தட்ட 69 மீட்டர் இருக்க வேண்டும். இறக்கையின் அகலம் ஒன்றரை மீட்டர். மேல்வளைவின் அந்த 2 சதவீதக் கூடுதல் நீளத்தைச் சேர்த்துக்கொண்டாலும், அந்த வேகத்தில் போகும் மேல்காற்று பின்விளிம்புக்கு வந்து சேரும்போது கீழ்க்காற்று இன்னும் சுமார் 16 செ.மீ. பின்னால் இருக்கும். புகை காட்டியதும் இதைத்தான். மேல்காற்று வேகமாகப் போவது உண்மை. கதை கேட்பதைவிடவும் மிக வேகமாகப் போகிறது. அதற்குச் சொன்ன காரணம்தான் பொய்.

அப்படியானால் நிஜமான காரணம் என்ன? வளைவு. ஆனால் வளைவின் நீளத்தில் ஒன்றுமில்லை, காற்று வளைந்து திரும்புவதில்தான் எல்லாம் இருக்கிறது. கயிற்றில் கட்டிய கல் வட்டமாகச் சுற்ற மையத்தை நோக்கி ஒரு இழுப்பு வேண்டும் என்று படித்திருப்பாய். காற்றுக்கும் அப்படித்தான். இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிக் காற்று கீழ்நோக்கி வளைகிறது. அதை வளைக்கக் கயிறு கிடையாது, அழுத்த வேறுபாடு மட்டுமே உண்டு. வளைவின் வெளிப்பக்கம், அதாவது இறக்கைக்கு வெகு மேலே, சாதாரண வளிமண்டல அழுத்தம். உட்பக்கம், இறக்கையை ஒட்டி, அதைவிடக் குறைவு. இப்படிக் குறைந்திருந்தால்தான் காற்று உள்நோக்கித் தள்ளப்பட்டு வளையும். இறக்கைக்கு அடியிலும் காற்று கீழ்நோக்கித்தான் திருப்பப்படுகிறது. அங்கே வளைவின் வெளிப்பக்கம் இறக்கையின் பக்கம், ஆகவே அங்கே அழுத்தம் கூடுதல். இந்த இரண்டும் சேர்ந்ததே தூக்குவிசை. மேலே அழுத்தம் குறைந்த இடத்துக்குள் நுழையும் காற்றைப் பின்னாலிருக்கும் அதிக அழுத்தம் முன்னால் உந்துகிறது, அதனால் அது வேகம் எடுக்கிறது. பெர்னௌலி வந்து உட்கார வேண்டிய இடம் இதுதான்.

தங்கையின் தட்டையான காகிதமும் இதையேதான் செய்கிறது. கொஞ்சம் மூக்கைத் தூக்கி, சாய்வாகக் காற்றை எதிர்கொண்டு, அதைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் இறக்கையும் மெல்லியதுதான். மேலும் கீழும் நீளம் ஏறக்குறைய ஒன்றே.

இதைச் சோதிக்க ஒரு காகிதம் போதும். ஒரு முனையை உதட்டருகே பிடித்து, மறுமுனை வளைந்து தொங்கும்படி விட்டு, மேலே ஊது. காகிதம் எழும். "பார், வேகமான காற்றில் அழுத்தம் குறைவு" என்று சொல்லி இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நீ நிறுத்தாதே. அதே காகிதத்தை மேல்விளிம்பில் பிடித்து நேராகத் தொங்கவிடு. அதன் மேல் மோதாமல், ஒரு பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாக ஊது. ஊதிய பக்கமாகக் காகிதம் இழுபடவே இழுபடாது. காற்றின் வேகம் அதேதான், வளைவு மட்டும் இல்லை. உன் வாயை விட்டு வெளியே வந்த காற்றின் அழுத்தம் அறையில் இருக்கும் அழுத்தமேதான். அது வளையும்போதுதான் அழுத்தம் மாறுகிறது.

நியூட்டனா பெர்னௌலியா என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. உன் நண்பனிடம் இதை மட்டும் சொல். அந்தச் செஸ்னா, தன் இறக்கையின் நுனிக்கு நுனி நீளமான 11 மீட்டரை விட்டமாகக் கொண்ட ஒரு குழாய் நிறையக் காற்றை, விநாடிக்கு ஏறக்குறைய 6,800 கிலோ, சுமார் 1.6 மீட்டர் வேகத்தில் கீழே தள்ளுகிறது என்று வைத்து நியூட்டன் வழியில் போடும் கணக்கும் ஒன்று உண்டு. பெருக்கினால் விமானத்தின் எடைதான் வரும். அழுத்தத்தைக் கூட்டினாலும் அதே எடைதான் வரும். ஒரே நிகழ்ச்சியை இரண்டு விதமாக எண்ணுகிறோம், அவ்வளவுதான்.

தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தாய். மேலே வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்று எழுது, அது உண்மை. "சேர்வதற்காக" என்ற சொல்லை மட்டும் எழுதாதே.

இன்னொன்று, இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். இறக்கையை அதிகமாகச் சாய்த்துக்கொண்டே போனால், பல இறக்கைகளில் சுமார் 15 பாகைக்கு மேல், காற்றால் அந்த வளைவைப் பின்தொடர முடியாது. பரப்பை விட்டுப் பிய்த்துக்கொண்டு சுழலும். தூக்குவிசை சட்டென்று விழும். விமானிகள் ஸ்டால் என்பது இதைத்தான். மேற்புறத்தின் நீளம் அப்போதும் அப்படியே இருக்கிறது, ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. நீளம்தான் காரணம் என்றால் தூக்குவிசை எங்கே போனது? அந்தப் பெண்ணுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

தங்கையின் விமானத்தை ஒரு தடவை கேட்டு வாங்கு. இறக்கைகளின் பின்விளிம்பை மிகக் கொஞ்சம் மேல்நோக்கி மடித்து எறி. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் அதிகமாக மடி. ஏதோ ஒரு மடிப்பில் அது மூக்கைத் தூக்கி மேலே ஏறி, ஒரு கணம் அப்படியே நின்று, தலைகுப்புற விழும். அந்த ஒரு கணத்தில் இறக்கைக்கு மேலே இருந்த காற்று என்ன செய்தது என்று படம் வரைந்து எனக்கு அனுப்பு. தங்கையையும் ஒன்று வரையச் சொல்.