உலர்புல் கேள்வி-பதில்: இலை கொட்டுது, போர் சூடாகுது

கொழுக்கட்டைப்புல்லை விதை முத்துன பிறகு அறுத்தா எடை அதிகமா வருமே?

எடை வரும், சத்து வராது. கதிர் வெளிய தள்ளி பூக்க ஆரம்பிக்கிறப்பவே அறுத்துடுங்க. முத்துனா தண்டு நாராயிடும், மாடு பாதியை தள்ளிவிட்டுரும்.

குதிரைமசாலை 3 நாள் நல்ல வெயில்ல போட்டு மத்தியானம் மத்தியானம் புரட்டி விட்டேன், இப்ப வெறும் குச்சிதான் இருக்கு, ஏன்?

இதே கேள்வி எத்தனை தடவைதான் வரும்! மசால்ல புரதம் பாதிக்கு மேல இலையிலதான் இருக்கு. இலை சீக்கிரம் காஞ்சிடும், தண்டு மெதுவாத்தான் காயும், நீங்க உச்சி வெயில்ல புரட்டும்போது காஞ்ச இலையெல்லாம் நொறுங்கி தரையில கொட்டிடுது, மிச்சத்தை அள்ளிட்டு வந்து மாட்டுக்கு போட்டுட்டு பால் ஏறலைன்னா எப்படிங்க ஏறும்?

பத்துல ஒரு செடி பூத்ததும் அறுங்க. பனி ஈரம் போனப்புறம் காலைல 8, 9 மணிக்கு அறுத்து மெலிசா பரப்புங்க. மறுநாள்ல இருந்து இலைல லேசா பனி ஈரம் இருக்கிற விடிகாலைலயே புரட்டிடுங்க, மத்தியானம் கை வைக்காதீங்க. இலை வாடுனதும் வரிசையா குவிச்சு விட்டா மிச்ச ஈரம் நிழல்ல மெதுவா போயிடும், பச்சை நிறமும் நிக்கும். முக்காலி மாதிரி 3 கம்பு கட்டி அதுமேல சாத்திவைக்கிறது இன்னும் நல்லது, காத்து உள்ள போகும். கட்டு கட்டுறதும் காலைலதான், ஆனா மேல பனி ஈரம் போனப்புறம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. கீழ கொட்டுன இலையை கூட்டி தவிட்டோட கலந்து போடுங்க, வீணாக்காதீங்க.

காஞ்சிருச்சான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

ஈரம் 15 சதவீதத்துக்கு கீழ வரணும். ஒரு பிடி எடுத்து முறுக்குங்க, தண்டு படக்குனு ஒடியணும், நகத்தால கீறுனா ஈரம் தெரியக்கூடாது. சந்தேகமா இருந்தா சின்ன சின்னதா நறுக்கி காஞ்ச பாட்டில்ல ஒரு ஸ்பூன் உப்போட போட்டு மூடி, சில நிமிஷம் குலுக்குங்க. உப்பு கட்டிப்பிடிச்சா இன்னும் காயணும்.

ஒரு மாட்டுக்கு 100 நாளைக்கு எவ்வளவு பச்சை அறுக்கணும், அதுக்கு எத்தனை ஏக்கர் வேணும்?

நாளைக்கு 6 கிலோ உலர்புல்னு வெச்சா 600 கிலோ. ஒரு டன் பச்சைல முக்காவாசிக்கு மேல தண்ணிதான், சேதாரம் போக 200 கிலோ கைக்கு வரும். அப்ப 3 டன் அறுக்கணும். ஏக்கர் கணக்கு கேட்டிருக்கீங்க, என்ன புல்லுன்னே எழுதாம நான் எப்படி சொல்றது?

உலர்புல்லை போரா அடுக்கி ஒரு வாரம், கை விட்டா சூடா இருக்கு, மேல தார்ப்பாய் இறுக்கி கட்டியிருக்கேன்.

உடனே பிரிங்க! ஈரத்தோட அடுக்கியிருக்கீங்க, அதான் உள்ள கொதிக்குது. அப்படியே விட்டா தானாவே தீப்பிடிக்கும். ரொம்ப சூடா, புகை வாசனையோட இருந்தா பிரிக்கும்போதே பத்திக்கும், அப்ப நீங்களா பிரிக்காதீங்க, தீயணைப்பு ஆளுங்களை கூப்பிட்டு அவங்க தண்ணியோட நிக்கும்போது பிரிங்க. பூசணம் பிடிச்சதை கறவை மாட்டுக்கு போடவே போடாதீங்க, அதுல வர்ற நஞ்சு பால்ல இறங்கும். அடுத்த தடவை அடியில கட்டை அடுக்கி தரைய விட்டு தூக்கி வைங்க, தார்ப்பாய் மேலாப்புல மட்டும், பக்கவாட்டுல காத்தோட்டம் இருக்கணும். சூடாகாத குதிரைமசால் போரா இருந்தா காலைல பிரிங்க, வெயில்ல பிரிச்சா இலை கொட்டும்.