சிவக்காத தோலில் படுக்கைப்புண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி மூன்று வாரமாகப் படுக்கையில் இருக்கிறார். நல்ல கறுப்பு நிறம். வீட்டுக்கு வரும் நர்ஸ், பிட்டத்துக்கு மேலே படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது என்கிறார். எனக்குச் சிவப்பே தெரியவில்லை. விழுந்தபோது பட்ட ரத்தக்கட்டாக இருக்குமோ? அவர் எதைப் பார்த்துச் சொல்கிறார்?

பதில்: அவர் பெரும்பாலும் தொட்டுப் பார்த்துச் சொல்லியிருப்பார். அவர் சொன்னதை நம்புங்கள்.

நம் தோலின் மேலடுக்கில் மெலனின் என்ற நிறமி இருக்கிறது. ரத்தக்குழாய்கள் அதற்கும் கீழே ஓடுகின்றன. வெளுத்த தோலில் கீழே இருக்கும் ரத்தத்தின் சிவப்பு மேலே தெரிந்துவிடும். கறுத்த தோலில் மெலனின் அதை மறைத்துவிடும். படுக்கைப்புண்ணின் முதல் கட்டத்துக்குப் பாடப்புத்தகம் சொல்லும் அடையாளம், விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. அம்மாவின் தோலில் அந்தச் சிவப்பும் தெரியாது, அழுத்தும்போது வெளுப்பதும் தெரியாது.

இதை நானே தாமதமாகத்தான் கற்றேன். பயிற்சி மருத்துவராக இருந்தபோது, பக்கவாதம் வந்த ஒரு பெரியவரின் குதிகாலைப் பார்த்து 'தோல் நார்மல்' என்று எழுதினேன். மூன்றாம் நாள் அங்கே கருநீலக் கொப்புளம். வார்டின் மூத்த நர்ஸ் என் கையைப் பிடித்து, புறங்கையை முதலில் அவருடைய நல்ல குதிகாலிலும் பிறகு மற்றதிலும் வைத்தார். வித்தியாசம் உடனே புரிந்தது. ஒன்று சாதாரணமாக இருந்தது, மற்றது கதகதப்பாகவும், ஊறிய பஞ்சு மாதிரி மெத்தென்றும் இருந்தது. ஆழத்தில் தசை நசுங்கினால் மேலே நிறம் மாற இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நான் 'நார்மல்' என்று எழுதியபோதே உள்ளே சேதம் நடந்திருந்தது. அந்தப் பெரியவரின் புண் ஆற மாதக்கணக்கானது. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

நீங்களும் அதேபோலப் பார்க்கலாம். முதலில் பவுடரையும் எண்ணெயையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பவுடர் நிறத்தை மறைக்கும், எண்ணெய் பொய்யான பளபளப்பைக் காட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டின் நீலச்சாயல் ஏமாற்றும். தோல் லேசாக ஈரமாக இருந்தால் நிறவேறுபாடு இன்னும் எளிதாகத் தெரியும். சிவப்பைத் தேடாதீர்கள். சுற்றியிருக்கும் தோலைவிட அந்த இடம் ஊதாவாகவோ, நீலமாகவோ, இன்னும் கறுத்தோ இருக்கிறதா, வீங்கி மினுமினுக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் புறங்கையை வையுங்கள். ஒரு கையகலம் தள்ளியிருக்கும் நல்ல தோலையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒப்பிடாமல் சூட்டைச் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் சூடாக இருக்கும், திசு செத்துவிட்டால் குளிர்ந்துவிடும், அதனால் இரண்டுமே எச்சரிக்கைதான். பிறகு விரல் நுனியால் மெதுவாக அழுத்துங்கள். கல் மாதிரி கெட்டியாகவோ, சொதசொதவென்றோ இருந்தால் உள்ளே சேதம் இருக்கலாம். அம்மாவிடம் வலிக்கிறதா, அரிக்கிறதா, எரிகிறதா என்று கேளுங்கள். சில சமயம் கைக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

இதை அவரைப் புரட்டியதும் செய்யக்கூடாது. அழுத்தம் விலகியதும் எந்தத் தோலிலும் ரத்தம் பாய்ந்து சூடாகும். அரை மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால்தான் கணக்கு.

ரத்தக்கட்டையும் மெலனின் இதேபோல மறைக்கும். நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறுவது சரியாகத் தெரியாது. கறுப்புத் திட்டும், வீக்கமும், தொட்டால் வலியும்தான் மிஞ்சும். நிறத்தை வைத்து எத்தனை நாள் ஆன அடி என்று எந்தத் தோலிலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் விழுந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, ஆரம்ப ரத்தக்கட்டு பெரும்பாலும் இதற்குள் மறைந்திருக்கும். உடல் எடை தாங்கும் எலும்பின் மேலேயே புதிதாக ஏதாவது வந்தால் அதைப் படுக்கைப்புண்ணாகவே எடுத்துக்கொள்வது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்றிலிருந்து அந்த இடத்தில் எடை விழவே கூடாது. நேர் மல்லாக்கவும் வேண்டாம், முழுப் பக்கவாட்டிலும் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்த்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். ஆபரேஷன் செய்த பக்கம் சாய்க்கலாமா, காலை எப்படி வைக்க வேண்டும் என்று அறுவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்தால் குதிகால் மெத்தையில் படாது. அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், நசுங்கிய திசு இன்னும் கிழியும். காற்று வளையமும் வேண்டாம், அதன் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

தோல் உரிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, கருநீலமாக மாறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நர்ஸ் அடுத்த முறை வரும்போது உங்கள் கையையும் அந்த இடத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.