ஜேசிபி வண்டியின் ஒரு மணி நேரச் செலவு: கேள்வி பதில்

அண்ணா, மணிக்கு 1,300 ரூபாய் வாடகை. டீசல் 506, ஆபரேட்டருக்கு 240 போனால் 554 மிச்சம். ஆனாலும் கையில் பணம் நிற்கவில்லை. வண்டி 32 லட்சம், ஆண்டுக்கு 1,200 மணி ஓடுகிறது.

தம்பி, அந்த 554 ரூபாயில் பெரும்பகுதி வண்டி தேய்ந்த பணம். 5 ஆண்டு கழித்து 14 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொண்டால், கரையும் 18 லட்சத்தை 6,000 மணிக்குப் பகிரும்போது மணிக்கு 300 ரூபாய் வரும். இடையில் முடங்கிக் கிடக்கும் முதல் சராசரியாக 23 லட்சம். அதற்கு 10 விழுக்காடு வட்டி என்றால் மணிக்கு 192. காப்பீடும் வரியும் ஆண்டுக்கு 48,000 என்றால் 40. ஆயில், ஃபில்டர், டயர், பின், புஷ், பக்கெட் பல், ஹைட்ராலிக் ஹோஸ் ஆகியவற்றுக்கு 210 ஒதுக்குங்கள். டீசலையும் சம்பளத்தையும் சேர்த்தால் 1,488 ஆகிறது. ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 188 ரூபாயை நீங்கள் இழக்கிறீர்கள்.

இதில் தேய்மானம், வட்டி, காப்பீடு, மாதச் சம்பளம் நான்கும் வண்டி நின்றாலும் ஓடினாலும் ஆண்டுக்கு 9.26 லட்சம். 1,800 மணி ஓடினால் இந்தப் பங்கு 772 ரூபாயிலிருந்து 514 ஆகி, மொத்தச் செலவு 1,230க்கு இறங்கும். ஆனால் 9,000 மணி ஓடிய வண்டிக்கு 14 லட்சம் கிடைக்காது என்பதால், இறக்கம் முழுதாகக் கைக்கு வராது.

தேய்மானம் ஏட்டுக் கணக்கு. தவணைதான் உண்மையான செலவு, அதைப் போட்டால் போதும்.

பாதி சரி. மாதக் கடைசியில் பணம் புரள்கிறதா என்று பார்க்கத் தவணைக் கணக்கு வேண்டும். ஆனால் தவணையில் உள்ள அசல்தான் தேய்மானமாக வேறு பெயரில் வருகிறது. இரண்டையும் சேர்த்தால் ஒரே செலவை இருமுறை எழுதியதாகும். தவணையை மட்டும் எழுதினால், கடன் முடிந்த மறுநாள் வண்டி இலவசமாகத் தோன்றும்.

எனக்குக் கடன் முடிந்துவிட்டது. மணிக்கு 1,000 ரூபாய்க்கு ஓட்டலாமே?

மேலே சொன்னதே இதற்கும் பதில். பழைய வண்டியில் வட்டி குறையும், ரிப்பேர் ஏறும்.

தவணைதான் உண்மையான செலவு என்று சொன்னவன்தான் நான். ஏற்கிறேன், ஆனால் ஆயில், டயர், ரிப்பேருக்கு ஒதுக்கச் சொன்ன 210 குறைவு. என் வண்டியில் பம்ப் ஒன்றே ஒரு ஆண்டு ஒதுக்கீட்டை விழுங்கியது.

இருக்கலாம். 210 என்பது 5 ஆண்டுச் சராசரி. முதல் ஆண்டில் அவ்வளவு ஆகாது, ஐந்தாம் ஆண்டில் அது போதாது. பாறையும் மொரம்பும் தோண்டும் வண்டிக்கு 300 வைப்பவர்களும் உண்டு. அதைத் தவறென்று சொல்லமாட்டேன். முதல் ஆண்டில் மிஞ்சுவதை லாபமென்று எடுத்துச் செலவழிக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வாடகைக்கு ஜிஎஸ்டி எவ்வளவு?

ஆடிட்டரிடம் கேளுங்கள்.

டீசல் மணிக்கு ஐந்தரை லிட்டர் என்கிறார்கள், எனக்கு நான்குதான் வருகிறது. என் வண்டி நல்ல வண்டியா?

மீட்டரைப் பாருங்கள். டிப்பர் வரும்வரை எஞ்சின் வெறுமனே ஓடினாலும் மணிமீட்டர் நகரும். அந்த நேரம் கலந்தால் சராசரி டீசல் குறைவாகத் தெரியும். ஒரு நாள் டேங்க்கை நிரப்பி, தொடர்ந்து தோண்டவிட்டு, மீண்டும் நிரப்பி அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.