ஆடிக் காற்றில் பறக்காத தொப்பி

கேள்வி: தாராபுரம் பக்கம் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறோம். களை எடுக்கும்போது முன்பக்கம் மட்டும் நிழல் தரும் தொப்பி போட்டிருந்தேன். காதும் பிடரியும் கருகிவிட்டன. சந்தையில் அகலமான நார்த் தொப்பி ஒன்று வாங்கினேன், விளிம்பு ஐந்து அங்குலம் இருக்கும். அது காற்றில் பறக்கிறது. கயிறு கட்டினால் தாடைக்குக் கீழே அறுக்கிறது. உள்ளே தலை கொதிக்கிறது, மதியம் தலைவலி வேறு. எப்படிப்பட்ட தொப்பி பார்த்து வாங்குவது?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: உங்கள் ஊரில் தொப்பி வாங்கும்போது முதலில் காற்றைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்றுக்கு ஐந்து அங்குல விளிம்பு குடை விரித்த மாதிரிதான். கயிறு அறுப்பதற்கும் அதுவே காரணம். விளிம்பு காற்றை வாங்கி மேலே இழுக்கிறது, அந்த இழுப்பு முழுவதும் தாடையில் விழுகிறது.

விளிம்பு சுற்றிலும் மூன்று அங்குலம் இருந்தால் போதும், மூன்றரைக்கு மேல் வேண்டாம். தலை நுழையும் கூடு முடிந்து விளிம்பு தொடங்கும் மடிப்பிலிருந்து ஓரம் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். மூன்றுக்குக் கீழே போனால் காதுக்கு நிழல் சரியாக விழாது. விளிம்பு துவண்டு கண்ணை மறைக்கவும் கூடாது. வட்டம் வட்டமாக நெருக்கித் தையல் ஓட்டியிருந்தால் துணி விளிம்புகூட நிமிர்ந்து நிற்கும். தொப்பி வெளிர் நிறமாகவும், விளிம்பின் அடிப்பக்கம் கரும்பச்சையோ அடர்நீலமோ ஆகவும் இருந்தால் நல்லது. காய்ந்த மண்ணில் பட்டு மேலே வரும் வெளிச்சம் அடிப்பக்கத்திலிருந்து மறுபடி முகத்தில் அடிக்காது.

நின்று வேலை செய்பவருக்கு இவ்வளவு போதும். நீங்கள் குத்துக்காலிட்டுக் குனிந்து களை எடுக்கிறீர்கள். குனிந்தால் தொப்பியும் முன்னால் சாயும், பிடரி அப்படியே உச்சி வெயிலுக்குத் திறந்துவிடும். பின்விளிம்பு எவ்வளவு அகலம் இருந்தாலும் அங்கே நிழல் விழாது. அதனால் பின்னால் துணி தொங்கும் தொப்பியாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பழைய பருத்தி வேட்டியிலிருந்து எட்டு அங்குல நீளத்தில் ஒரு துண்டு கிழித்து, ஒரு காதிலிருந்து மறு காது வரை வரும்படி தொப்பியின் உள்பட்டையில் தைத்துக்கொள்ளலாம். தலை முழுக்கத் துண்டைச் சுற்றி அதன்மேல் தொப்பி போடுவதை நிறையப் பேரிடம் பார்க்கிறேன். பிடரிக்கு நல்லதுதான், ஆனால் காற்றோட்டத்தை அடைத்துவிடும்.

சரி, தலை ஏன் கொதிக்கிறது? பெரும்பாலும் கூட்டின் உயரம் போதாமல்தான். தொப்பி மண்டையில் ஒட்டி உட்கார்ந்தால் உள்ளே காற்றுக்கு இடமே கிடையாது. போட்ட பிறகு உச்சந்தலைக்கும் தொப்பிக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும். வியட்நாமில் நெல் வயலில் போடும் கூம்புத் தொப்பியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது தலையில் ஒட்டாமல் தூக்கி நிற்பதால் சுற்றிலும் காற்று ஓடுகிறது. நமக்கு வேண்டியதும் அந்த இடைவெளிதான்.

அப்புறம் காற்று வெளியேற வழி. பக்கத்துக்கு இரண்டு பித்தளைக் கண் வைத்த தொப்பிகள்தான் கடையில் அதிகம். அந்தச் சின்ன ஓட்டைகளால் பெரிய பலன் இல்லை. கூட்டின் பக்கவாட்டில் ஓர் அங்குல உயரத்துக்கு வலைத்துணி சுற்றி வருவதைத் தேர்ந்தெடுங்கள். சிலவற்றில் வலைக்குப் பின்னால் லைனிங் துணி தைத்து மறைத்திருப்பார்கள். உள்ளே கையை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து வலையில் ஊதுங்கள். கையில் காற்றுப் படவில்லை என்றால் அது அழகுக்கு வைத்த வலை. உச்சியிலும் விளிம்பிலும் மட்டும் ஓட்டையே கூடாது. வாங்கும் முன் தொப்பியை வெயிலில் தூக்கிப் பிடித்து நிழலைப் பாருங்கள். தரையில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தால் அந்த வழியாக வெயிலும் இறங்கும். தளர்வாகப் பின்னிய நார்த் தொப்பிகளில் இந்தக் குறை அதிகம்.

இனி தாடைப்பட்டை. நைலான் கயிறு வியர்வையில் நனைந்ததும் தோலை அறுக்கும். எலாஸ்டிக்கும் வேண்டாம், காற்றில் நீண்டு தொப்பி துள்ளிக்கொண்டே இருக்கும். அரை அங்குல அகலப் பருத்தி நாடாதான் சரி. அதைவிட முக்கியம், நாடா எங்கே தைத்திருக்கிறது என்பது. காதுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒரே இடத்தில் தைத்திருந்தால், பின்னாலிருந்து வரும் காற்று தொப்பியை முன்னால் கவிழ்த்துவிடும். காதுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு நாடா இறங்கி, காதுக்குக் கீழே சேர்ந்து, பிறகு தாடைக்கு அடியில் போக வேண்டும். இழுத்துக் கட்டாதீர்கள், தாடைக்கும் நாடாவுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையட்டும். வேலையிலும் ஒன்று பாருங்கள். பாத்தி இடம் கொடுத்தால் மேற்கே பார்த்துக் குனிந்து களை எடுங்கள். காற்று தொப்பியின் மேல்பக்கத்தில் பட்டுத் தலையோடு சேர்த்து அழுத்தும். கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் பின்விளிம்புக்கு அடியில் புகுந்து தூக்கும்.

அளவெடுக்கும்போது புருவத்துக்கு ஒரு விரல் மேலே டேப்பைச் சுற்றுங்கள். கொண்டை போடுகிறவர் என்றால் அதைக் கழுத்துப் பக்கம் இறக்கிப் போட்டுவிட்டுத் தொப்பியைப் போட்டுப் பாருங்கள். கொண்டை மேலே இருந்தால் தொப்பி நெற்றிக்கு நகர்ந்துவிடும், எந்தப் பட்டையும் அதைப் பிடித்து நிறுத்தாது.

ஆக, உங்களுக்கு நான் சொல்வது கெட்டியான பருத்தித் துணியில் மூன்று அங்குல விளிம்பு, பக்கவாட்டில் வலை, பின்துணி, நான்கு முனை நாடா உள்ள தொப்பி. உங்கள் பக்கத்து வறண்ட காற்றுக்குப் பின்துணியை நனைத்து விட்டுக்கொண்டால் பிடரி நன்றாகக் குளிரும். கையில் இருக்கும் நார்த் தொப்பியின் விளிம்பை வெட்டிச் சின்னதாக்க நினைக்காதீர்கள், பின்னல் பிரிந்துவிடும். பங்குனி, சித்திரையில் காற்று அடங்கியிருக்கும்போது அதைப் போடுங்கள், வெயிலில் தூக்கிப் பார்க்கும் சோதனையில் அது தேறினால்.

தலைவலியைத் தொப்பி மட்டும் தீர்க்காது. தொப்பி தடுப்பது நேர் வெயிலை. உழைப்பில் உடம்பு தானே சூடேறுவதை அல்ல. பதினொன்று முதல் மூன்று வரை களை வேலையை நிறுத்துங்கள், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிழலுக்குப் போய் உடம்பை நனைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ கூட இருப்பவர்கள் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இரண்டு இடங்களில் இந்தத் தொப்பி ஆகாது. ஒன்று மருந்தடிக்கும்போது. துணியும் நாரும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடுத்த நாள் வியர்வையோடு நெற்றியில் இறக்கும். அதற்குக் கழுவித் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் தொப்பி தனியாக வேண்டும். இன்னொன்று பவர் டில்லர், கதிரடிக்கும் இயந்திரம், பெல்ட் ஓடும் மோட்டார் பக்கத்தில். தாடையில் கட்டிய நாடா சுழலும் பாகத்தில் சிக்கினால் கழுத்தோடு இழுத்துவிடும், அங்கே தொப்பியைக் கழற்றி வைத்துவிடுங்கள். மறந்துபோகும் நாளுக்காக நாடாவை ஒரு பக்கம் வெட்டி, அந்த இடத்தில் டெய்லரிடம் டிச் பட்டன் வைத்துத் தைத்து வாங்குங்கள். கையால் வெடுக்கென்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பட்டன் விடுபட வேண்டும். விடுபடாவிட்டால் இன்னும் தளர்வான பட்டனாக மாற்றச் சொல்லுங்கள்.