புட்டிக் கஞ்சியை நிறுத்துங்கள், கரண்டியில் தொடங்குங்கள்: ஆறு மாதக் குழந்தையின் உணவு

கேள்வி: குடியாத்தம் பக்கத்து கிராமம். பெண் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து 12 நாள் ஆகிறது. ஐந்தாம் மாதத்திலிருந்தே இரண்டு டீஸ்பூன் கேழ்வரகு மாவைக் கரைத்துத் துணியில் வடிகட்டி, காய்ச்சி, பால் புட்டியில் வேளைக்கு 150 மில்லி, மூன்று வேளை கொடுக்கிறோம். போன மாதம் அங்கன்வாடியில் 6.6 கிலோ, இப்போது 6.7. தாய்ப்பால் முன்பைவிடக் குறைவாகக் குடிக்கிறாள். முட்டை, மல்லாட்டை எல்லாம் ஒரு வயது முடிந்துதான் என்கிறார் மாமியார். மூத்தவனுக்கு வீசிங் இருப்பதால் எனக்கும் பயம். எதை, எப்போது, எவ்வளவு கொடுப்பது?

பதில்:

6.7 கிலோ என்ற எடையில் பயப்பட ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஆறு மாதப் பெண் குழந்தையின் நடு எடை 7.3 கிலோ. 5.7-க்குக் கீழே போனால்தான் எடை குறைந்த குழந்தை என்பார்கள். ஆனால் ஒரு மாதத்தில் 100 கிராம் மட்டுமே ஏறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். இந்த வயதில் மாதத்துக்கு 300 கிராமுக்கு மேல் ஏறுவது வழக்கம்.

நீங்கள் சொன்ன விவரங்களிலேயே காரணம் இருக்கிறது. இரண்டு டீஸ்பூன் கேழ்வரகு மாவு ஏறக்குறைய 6 கிராம். அதில் 20 கலோரி அளவுதான் கிடைக்கும், வடிகட்டினால் இன்னும் குறையும். 150 மில்லி தாய்ப்பாலில் சுமார் 100 கலோரி உண்டு. குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 200 மில்லி கொள்ளும், அதற்கு மேல் இடமில்லை. அந்த இடத்தில் முக்கால்வாசியை ஐந்தில் ஒரு பங்கு சத்துள்ள கஞ்சி அடைத்துக்கொள்கிறது. வயிறு நிறைந்த குழந்தை மார்பில் குறைவாகக் குடிக்கிறது. குறைவாகக் குடித்தால் பால் சுரப்பும் குறையும். கேழ்வரகில் குறையில்லை, அதில் சேர்ந்த தண்ணீர்தான் குறை. பருப்புத் தண்ணீர், சாதம் வடித்த கஞ்சி, காய் வெந்த நீர் என்று முதல் உணவாகத் தருபவை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். சத்து பாத்திரத்தின் அடியில் நின்றுவிடும், குழந்தைக்கு மேல்நீர் போகும்.

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்று சொல்வதும் இதனால்தான். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு கூட நாளுக்குச் சுமார் 200 கலோரி உணவிலிருந்து வேண்டியிருக்கிறது. பிடித்து உட்கார வைத்தால் தலை நிற்கிறதா, நாம் சாப்பிடுவதைப் பார்த்து வாய் திறக்கிறதா, கரண்டியை நாக்கால் வெளியே தள்ளாமல் வாங்குகிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் குழந்தை தயார். இவள் ஒரு மாதமாகப் புட்டியில் குடித்தவள் என்பதால் முதல் சில நாள் கரண்டியைத் துப்பலாம். பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, உணவை நாக்கால் பின்னே தள்ளும் பழக்கம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்றிலிருந்து புட்டி வேண்டாம். கேட்கும்போதெல்லாம் தாய்ப்பால் கொடுங்கள். பால் குடித்து ஒன்று, ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிண்ணத்திலிருந்து கரண்டியால் கெட்டியான கூழ் கொடுங்கள். ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 10 கிராம் கேழ்வரகு மாவு, ஒரு டீஸ்பூன் வறுத்துப் பொடித்த பாசிப்பருப்பு, 100 மில்லி தண்ணீர். மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் வேகவிட்டு, இறக்கியதும் ஒரு டீஸ்பூன் நெய் அல்லது நல்லெண்ணெய் கலக்குங்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கூழ் சட்டென்று வழியக் கூடாது, மெதுவாக நழுவி விழ வேண்டும். அந்தப் பதத்தில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி இருக்கும். பழைய புட்டிக் கஞ்சியைவிட இது ஏழு மடங்கு. நெய் சேர்க்காமல் விட்டால் அதில் பாதி போய்விடும்.

துணியில் வடிகட்ட வேண்டாம். கேழ்வரகின் கால்சியத்தில் பெரும்பகுதி அதன் மேல்தோலில்தான் இருக்கிறது. கரகரப்பு வராமலிருக்க மாவைச் சல்லடையில் சலித்தால் போதும். கூழ் ரொம்பக் கெட்டியாகி விழுங்கச் சிரமப்பட்டால் தண்ணீர் ஊற்றாமல் முளைகட்டிய மாவுக்கு மாறுங்கள். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி வைத்தால், வேலூர் வெயிலில் ஒரு நாளில் முளை தெரியும். அதை உலர்த்தி, சிறு தீயில் லேசாக மட்டும் வறுத்து, வேர்முடியைத் தேய்த்து எடுத்துவிட்டு அரைக்க வேண்டும். முளைவிடும்போது உருவாகும் என்சைம் மாவுச்சத்தை உடைப்பதால், அதே தண்ணீருக்கு ஒன்றரைப் பங்கு மாவு போட்டாலும் கூழ் இளக்கமாக நிற்கும். கருக வறுத்தால் அந்த என்சைம் அழிந்துவிடும், முளைகட்டிய பலனே இருக்காது.

முதல் மூன்று நாள் இரண்டு மூன்று டீஸ்பூன், ஒரு வேளை. அந்த வாரத்துக்குள் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, இரண்டு வேளை. எட்டு மாதம் நெருங்கும்போது 250 மில்லி கிண்ணத்தில் பாதி, நாளைக்கு மூன்று வேளை. வாயை மூடித் தலையைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது, அதற்கு மேல் திணிக்காதீர்கள். மீந்ததை அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். கூழோடு மட்டும் நின்றுவிடவும் வேண்டாம், கேழ்வரகில் கால்சியம் தாராளமாக இருந்தாலும் இந்த வயதில் குறைவது இரும்புச்சத்துதான். இரண்டு பங்கு சாதத்துக்கு ஒரு பங்கு பருப்பு மசித்தது, வாரம் ஒரு முறை நன்றாக வெந்த கோழி ஈரல் ஒரு டீஸ்பூன், பருப்புச் சாதத்தில் நான்கு சொட்டு எலுமிச்சைச்சாறு என்று சேருங்கள். ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை ஒரு மில்லி தரச் சொல்லும் இரும்புச்சத்து மருந்தைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி முட்டையும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும். ஒரு வயது வரை தள்ளிப்போடுவது பழைய அறிவுரை, ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னது. லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தபோது அது தலைகீழானது. ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளில், பதினோரு மாதத்துக்குள் வேர்க்கடலை சாப்பிடத் தொடங்கி விடாமல் தொடர்ந்தவர்களுக்கு, ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது. குடல் வழியாகச் சீக்கிரம் பழகும் உணவை உடல் ஏற்றுக்கொள்கிறது என்பதே இதற்குத் தரும் விளக்கம். அண்ணனுக்கு வீசிங் இருப்பது இவளுக்குத் தள்ளிப்போடக் காரணமாகாது. இவள் தோலிலேயே அரித்து வெடிக்கும் கரப்பான் கடுமையாக இருந்தாலோ, ஏற்கெனவே ஏதாவது உணவுக்குத் தடிப்பு வந்திருந்தாலோ மட்டும், மருத்துவரைப் பார்த்த பிறகு தொடங்குங்கள்.

கூழ் ஒரு வாரம் ஒத்துக்கொண்ட பிறகு முட்டையில் ஆரம்பியுங்கள். சளி, காய்ச்சல், பேதி இல்லாத ஒரு நாளில், காலை வேளையில். ராத்திரியில் புது உணவு வேண்டாம், தூக்கத்தில் அறிகுறி தெரியாது. முட்டையைக் கொதிநீரில் 12 நிமிடம் வேகவைத்து, மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து மசித்து, கால் டீஸ்பூன் கூழில் கலந்து கொடுங்கள். மஞ்சளை மட்டும் கொடுத்து வெள்ளையை ஒதுக்கும் வீடுகள் அதிகம், ஆனால் ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் பெரும்பாலும் வெள்ளையில்தான் இருக்கிறது, பழக வேண்டியதும் அதற்குத்தான். பத்து நிமிடம் பார்த்து, ஒன்றுமில்லை என்றால் இன்னும் கொஞ்சம். இரண்டு மணி நேரம் கண்ணில் வைத்திருங்கள். அடுத்த நாள் அரை டீஸ்பூன், மூன்றாம் நாள் ஒரு டீஸ்பூன். அரைவேக்காடு வேண்டாம்.

மூன்று நான்கு நாள் கழித்து மல்லாட்டை. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை வறுத்துத் தோல் நீக்கி, எண்ணெய் விட்டு மையாகும் வரை அரையுங்கள். அந்த விழுதில் கால் டீஸ்பூனை மூன்று டீஸ்பூன் வெந்நீரில் பால் போலக் கரைத்து, ஆறியதும் கரண்டி நுனியில் தொட்டு முதலில் கொடுங்கள். பிறகு முட்டைக்குச் சொன்ன அதே முறை. விழுதை அப்படியே கொடுத்தால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், உலர்ந்த பொடி மூச்சுக்குழலுக்குள் போகும், முழுப் பருப்போ நான்கு ஐந்து வயது வரை கூடவே கூடாது. ஒத்துக்கொண்டால் மெல்ல ஏற்றி இரண்டு டீஸ்பூன் விழுது வரை, வாரம் மூன்று முறை தொடருங்கள். ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு, கிடைத்த பாதுகாப்பு அதில் போய்விடும். கோதுமை, மீன், தயிர், எள் எல்லாவற்றையும் இப்படியே ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். அங்கன்வாடி சத்துமாவில் கோதுமை இருக்கும், பாக்கெட்டைப் பார்த்து அதைக் கோதுமைக் கணக்கில் வையுங்கள்.

வாயைச் சுற்றி உணவு பட்ட இடம் மட்டும் சிவந்து கொஞ்ச நேரத்தில் மறைந்தால் அது பெரும்பாலும் தோல் எரிச்சல். உடம்பில் வேறு இடங்களில் கொசுக்கடி போலத் தடிப்பு எழும்பினால் அந்த உணவை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உதடு, நாக்கு, முகம் வீங்குவது, இழுப்பு, குரல் கம்முவது, அடுத்தடுத்து வாந்தி, குழந்தை துவண்டு வெளிறுவது என்று எது வந்தாலும் உடனே 108. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து விடாமல் வாந்தி எடுத்துச் சோர்ந்தாலும் இதேதான்.

பதத்தைப் பொறுத்தவரை மிக்ஸியில் அரைப்பதைப் பழக்கமாக்காதீர்கள். இப்போது கையால் மசித்தது, ஏழு எட்டு மாதத்தில் சிறு கட்டிகளோடு, எட்டு மாதத்துக்கு மேல் இட்லித் துண்டு, விரலால் அழுத்தினால் நசுங்கும் வெந்த சர்க்கரைவள்ளி என்று அவளே எடுத்துத் தின்னும்படி. பத்து மாதத்துக்கு மேலும் கட்டியே தெரியாத விழுதாகக் கொடுத்தால், பிறகு சாதத்தை வாயில் அடக்கி வைத்துக்கொள்ளும். கட்டி தொண்டையில் பட்டு முகம் சிவந்து, ஓங்கரித்து, இருமினால் தானே சரியாகும், விரலை விடாதீர்கள். சத்தமே வராமல், அழ முடியாமல் நீலம் பாரித்தால்தான் அடைப்பு. முன்கையில் குப்புறப் போட்டுத் தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, திருப்பிப் போட்டு நெஞ்செலும்பின் மேல் ஐந்து அழுத்தம். வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை சேர்க்க வேண்டாம். தேன் நாக்கில் தடவுவதுகூடக் கூடாது, அதிலுள்ள பொட்டுலிசக் கிருமி இந்த வயதில் உயிருக்கே ஆபத்து. மாட்டுப்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே அங்கன்வாடித் தராசில், உடையில்லாமல் எடை போடுங்கள். 150 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றாலோ, நாளைக்கு ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் போனாலோ, குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு எடைகளையும் இதுவரை கொடுத்த உணவையும் எழுதி எடுத்துப் போங்கள்.